நோட்டீஸ் அக்காவுக்கு, பதில் தம்பியிடம்: கடிதமா, பவரா, ஆடிட்டரா?

2025 செப்டம்பரில் அக்காவுக்கு வருமான வரித் துறையிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. அக்கா மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறாள். நான் தஞ்சாவூரில் இருக்கிறேன். 2023-24ல் அவள் தஞ்சாவூருக்கு வெளியே 42 லட்ச ரூபாய்க்கு ஒரு மனை வாங்கியிருந்தாள். அந்த ஆண்டுக்கான வருமான வரிக் கணக்கை, அதாவது ரிட்டர்னை, 2024 ஜூலையிலேயே தாக்கல் செய்துவிட்டாள். 2025 ஜூனில் 143(2) பிரிவின்படி, "உங்கள் கணக்கைப் பரிசீலனைக்கு எடுத்திருக்கிறோம்" என்று முதல் நோட்டீஸ். அதற்குப் பிறகு 142(1) பிரிவின்படி வந்த இந்த இரண்டாவது நோட்டீஸ்தான் நேராகக் கேட்டது: மனை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது, ஆதாரங்களுடன் 15 நாளில் சொல்லுங்கள்.

பதில் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதிகாரி தன்னிடம் இருப்பதை வைத்து, தன் கணிப்பில், 144 பிரிவின்படி உத்தரவு போடலாம். பணத்தின் மூலம் விளக்கப்படவில்லை என்று அவர் முடிவுசெய்தால், அந்த ஆண்டின் விகிதப்படி கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்த்து 78 சதவீதம். 42 லட்சத்துக்கு 32 லட்சத்து 76 ஆயிரம். ஒவ்வொரு முறை பதில் தராததற்கும் தனியாக 10,000 ரூபாய் அபராதமும் உண்டு. இத்தனைக்கும் அக்காவின் பணம் முழுக்க நேர்மையான பணம். இருந்தது ஒரே ஒரு சிக்கல்தான்: அதைச் சொல்ல வேண்டியவள் கடல் தாண்டி இருந்தாள், சொல்லத் தெரிந்தவன் இங்கே இருந்தேன்.

கேட்டவர்கள் எல்லாம் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். மாமா, "பவர் எழுதி அனுப்பச் சொல்லிடலாம்" என்றார். அலுவலக நண்பர், "பாஸ்வேர்டை வாங்கி நீங்களே போட்டுடுங்க, எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்றார். இன்னொருவர், ஆடிட்டரிடம் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கச் சொன்னார். சொந்தக்காரருக்கு எழுதித் தரும் ஒரு சாதாரண அதிகாரக் கடிதம் போதும் என்பதை யாரும் சொல்லவில்லை. கடைசியில் எங்களுக்குப் பொருந்தியது அதுதான். ஏன் பொருந்தியது, எந்த இடத்தில் பொருந்தாமல் போயிருக்கும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், நோட்டீஸ் என்ன வேலையைக் கேட்கிறது?

எந்தக் காகிதம் பலமானது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் தேவையில்லாத செலவில் போய் நிற்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு. நோட்டீஸ் கேட்பது பதிலையா, கையெழுத்தையா, ஆளையா?

பதில் என்பது விளக்கமும் ஆதாரமும். "இந்தப் பணம் இந்தக் கணக்கிலிருந்து வந்தது, இதோ வங்கி அறிக்கை" என்று சொல்வது. இதை வரி செலுத்துபவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த ஒருவர் செய்யலாம் என்று 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 288ஆம் பிரிவு சொல்கிறது. யார் அந்த ஒருவர் என்ற பட்டியலில் முதலில் வருபவரே "எந்த வகையிலாவது உறவினர்". வக்கீலும் ஆடிட்டரும் அதற்குப் பின்னால்தான் வருகிறார்கள். எந்த வகையிலாவது என்று சட்டமே தாராளமாகச் சொல்லிவிட்டதால் தம்பி, மைத்துனர், சித்தப்பா மகள், மருமகன் எல்லாருமே இதில் அடங்குவார்கள். நெருங்கிய நண்பரும் அடுத்த வீட்டுக்காரரும் அடங்கமாட்டார்கள், எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும் சரி. உறவினரிலும் சிலருக்குத் தடை உண்டு. அரசு வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், வருமான வரி வழக்கில் தண்டனை பெற்றவர், கடனடைக்க முடியாமல் திவாலானவர் போன்றவர்கள் அடுத்தவருக்காக ஆஜராக முடியாது.

கையெழுத்து என்பது வேறு. ரிட்டர்னில் "இதெல்லாம் உண்மை" என்று உறுதிமொழி கொடுப்பது அது. ஆள் இந்தியாவில் இல்லாவிட்டாலோ, வேறு காரணத்தால் அவரால் முடியாவிட்டாலோ அவருக்காக வேறொருவர் உறுதிமொழி கொடுக்கலாம். ஆனால் அவரிடம் செல்லுபடியாகும் பவர் இருக்க வேண்டும் என்று 140ஆம் பிரிவு சொல்கிறது. இங்கே வெறும் கடிதம் செல்லாது.

மூன்றாவது, ஆளையே கேட்பது. 131ஆம் பிரிவின்படி சத்தியப் பிரமாணத்தோடு விசாரிக்க நேரில் வரச் சொன்னால் கடிதமும் உதவாது, பவரும் உதவாது. அந்த நபரேதான் வர வேண்டும். 288ஆம் பிரிவே இதை விதிவிலக்காகச் சொல்லியிருக்கிறது.

அக்காவின் நோட்டீஸ் முதல் வகை. அது தெரிந்தவுடனே பாதி பதற்றம் போய்விட்டது.

பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும்

ஒளிக்காமல் சொல்கிறேன், நாங்களும் முதலில் இந்த வழியைத்தான் முயன்றோம். பான் எண், பாஸ்வேர்ட், உள்ளே போய்ப் பதிலைப் போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைத்தோம். அக்கா தன் கணக்கின் பாதுகாப்புக்காக ஆதார் ஓ.டி.பி. வந்தால்தான் உள்ளே போக முடியும் என்று எப்போதோ அமைத்து வைத்திருந்தாள். ஆதாரோடு இணைந்த இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் பல மாதம் போட்டு வைத்திருந்ததில் அந்த எண்ணே போய்விட்டது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. ஆதாரில் கைப்பேசி எண்ணை மாற்ற அப்போது நேரில் வர வேண்டியிருந்தது. 15 நாளில் 4 நாள் இதிலேயே போனது.

நெட் பேங்கிங் எங்களைக் காப்பாற்றியது. பான் எண் இணைந்த வங்கிக் கணக்கின் நெட் பேங்கிங்கிலிருந்து நேராக வருமான வரித் தளத்துக்குள் போகலாம். அக்கா அவளுடைய வங்கி வழியாக உள்ளே போனாள். சிம் போன எல்லாருக்கும் இதை நான் முதலில் சொல்வேன்.

பாஸ்வேர்ட் வழியின் உண்மையான குறை ஓ.டி.பி. சிக்கல் இல்லை. அக்காவின் கணக்குக்குள் போய் நான் எதைப் பதிவேற்றினாலும், அது அக்காவே கையெழுத்திட்டுக் கொடுத்ததாகத்தான் கொள்ளப்படும். அதிகாரியை நேரில் பார்க்காமல் தளத்திலேயே நடக்கும் முகமற்ற மதிப்பீட்டில், பதிவு செய்த கணக்கின் வழியாகச் சமர்ப்பித்தாலே அது அவரால் உறுதி செய்யப்பட்டதாக விதி சொல்கிறது. நான் ஒரு தேதியைத் தவறாக எழுதினால் அது அக்கா சொன்ன பொய்யாகிவிடும். "தம்பி போட்டான், நான் பார்க்கவில்லை" என்று பிறகு சொல்ல எந்தப் பதிவும் இருக்காது. கணவன் மனைவிக்குள், ஒரே வீட்டில், சின்ன விஷயத்துக்கு இது சரிப்படலாம். சொத்து வாங்கிய பணத்தைப் பற்றிய கேள்விக்கு நான் இதைச் செய்யமாட்டேன். அதே கணக்கில் பணம் திரும்ப வரவேண்டிய வங்கி விவரமும் இருக்கிறது, பழைய ஆண்டுகளின் வருமானம் முழுக்க இருக்கிறது. ஒரு நோட்டீஸுக்காக அத்தனையையும் திறந்து வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

பவர்

மாமா சொன்னது தவறான யோசனை இல்லை. பவர் இருந்தால் பதிலும் சொல்லலாம், ரிட்டர்னிலும் கையெழுத்திடலாம். ஆனால் வெளிநாட்டிலிருந்து பவர் கொடுப்பது ஒரு தனி வேலை. அக்கா அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் நேரம் வாங்கி, நேரில் போய்க் கையெழுத்திட்டுச் சான்று பெற வேண்டும். அசல் பத்திரம் கூரியரில் இங்கே வர வேண்டும். இந்தியாவுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். இதை மறந்து பீரோவில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது எடுத்துப் பார்த்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. அக்காவுக்குத் தொடர்ந்து இரவு ஷிஃப்ட். தூதரகத்தில் நேரம் கிடைக்க, லீவு கிடைக்க, கூரியர் வர என்று பார்த்தால் எங்களிடம் மிச்சமிருந்த 11 நாள் போதாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. வரி நோட்டீஸுக்கு என்று எழுதப் போய், பத்திரம் எழுதுபவர் வழக்கமாக வைத்திருக்கும் பொது பவர் மாதிரியையே எடுத்துக் கொடுத்துவிடுவார். அதில் சொத்தை விற்கவும் அடமானம் வைக்கவும் கூட அதிகாரம் இருக்கும். பவர் கொடுப்பதாக இருந்தால் வருமான வரி விஷயங்களுக்கு மட்டும் என்று தனி பவராக எழுதுங்கள். எந்தெந்த வேலை என்று அதிலேயே இருக்கட்டும்: ரிட்டர்னை உறுதிப்படுத்துவது, நோட்டீஸுக்குப் பதில், திருத்த மனு, மேல்முறையீடு. அண்ணன் தம்பியாக இருந்தாலும் இந்த வரம்பு இருவருக்கும் நல்லது.

பவர் எப்போது கட்டாயம்? நோட்டீஸ் 139(9) பிரிவின்படி வந்திருந்தால். அதாவது தாக்கல் செய்த ரிட்டர்னில் குறை இருக்கிறது, 15 நாளில் சரிசெய்யுங்கள் என்பது. பார்க்க நோட்டீஸ் மாதிரி இருந்தாலும் இதற்குப் பதில் என்பது திருத்திய ரிட்டர்ன்தான். அதை உறுதிப்படுத்தும் இடத்தில் கடிதம் வைத்திருக்கும் உறவினரால் ஒன்றும் செய்ய முடியாது. மேல்முறையீடும் அப்படித்தான். உத்தரவு பாதகமாக வந்தால் 30 நாளில் படிவம் 35 போட வேண்டும். ரிட்டர்னில் கையெழுத்திடும் தகுதி உள்ளவர்தான் அதிலும் கையெழுத்திடலாம். எனவே வழக்கு நீளும் என்று தோன்றினால், கடிதத்தில் பதிலைத் தொடங்கிவிட்டு, பின்னணியில் பவருக்கும் ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. அக்காவிடம் நான் சொன்னதும் அதுதான்: "இப்ப கடிதம் போதும்க்கா. அடுத்த லீவுல ஊருக்கு வரும்போது இங்கேயே ஒரு தனி பவர் எழுதிடலாம்." இங்கேயே எழுதினால் தூதரகமும் கூரியரும் தேவையில்லை.

பவர் இருப்பவரைத் தளத்திலும் பதிவு செய்ய வேண்டும். `Authorised Partners` என்ற பகுதியில் `Authorise/Register as Representative` என்று இருக்கும். அதில் தனக்காகச் செயல்பட இன்னொருவரை அமர்த்தும் தேர்வைத் தொட்டு, இந்தியாவில் இல்லை அல்லது வேறு காரணம் என்று குறிப்பிட வேண்டும். அமர்த்தப்படுபவர் தன் கணக்கில் அதை ஏற்றுக்கொண்ட பிறகே செல்லுபடியாகும்.

கடிதம்: நாங்கள் செய்தது

அதிகாரக் கடிதத்துக்குச் சட்டம் கேட்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்பது ஒன்றைத்தான். நோட்டரி வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. ஆனால் எழுத்தில் என்ன இருக்கிறது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. "என் தம்பி என் வரி விஷயங்களைப் பார்த்துக்கொள்வார்" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால், யார் தம்பி, எந்த ஆண்டு, எதைப் பார்த்துக்கொள்வார் என்ற கேள்வி வரும். அதிகாரிக்கு நம் குடும்பம் தெரியாது. முகமற்ற மதிப்பீட்டில் அவர் தஞ்சாவூரில் இருக்கவே வேண்டியதில்லை, எந்த மாநிலத்திலும் இருக்கலாம். அதனால்தான் கடிதத்தையும் பதிலையும் ஆங்கிலத்தில் எழுதினோம். தமிழில் எழுதினால் படிக்க ஆள் இல்லாத மேசைக்கும் போய்ச் சேரலாம்.

எங்கள் கடிதம் ஒரு பக்கம். மேலே அக்காவின் பெயர், பான் எண், மஸ்கட் முகவரி. பொருள் வரியில் 2024-25 மதிப்பீட்டு ஆண்டு, 142(1) நோட்டீஸ், அதன் தேதி, நோட்டீஸில் அச்சாகியிருக்கும் ஆவண அடையாள எண்ணான டின் எண். அந்த டின் எண்ணை வைத்து நோட்டீஸ் உண்மையானதுதானா என்று உள்ளே போகாமலே தளத்தின் முகப்பில் `Authenticate Notice/Order Issued by ITD` என்ற இடத்தில் சரிபார்க்கலாம். அதைச் செய்யாமல் எந்தக் கடிதமும் எழுதாதீர்கள், போலி நோட்டீஸ் நிறைய வருகிறது.

உடலில் முதல் பத்தி காரணம்: நான் வேலை நிமித்தம் ஓமனில் இருக்கிறேன், அதனால் என் உடன்பிறந்த தம்பிக்கு, அவர் பெயர், பான் எண் இது, அதிகாரம் தருகிறேன். உறவைச் சொல்லும் இந்த வரியைத் தவறவிடக் கூடாது, ஏனென்றால் 288ஆம் பிரிவில் என் தகுதியே அந்த உறவில்தான் நிற்கிறது. இரண்டாவது பத்தி, என்னென்ன செய்யலாம்: விளக்கம் தரலாம், ஆவணங்களைச் சமர்ப்பிக்கலாம், கால அவகாசம் கேட்கலாம், வீடியோ விசாரணையில் ஆஜராகலாம். மூன்றாவது, என்ன செய்யக் கூடாது. இந்த மதிப்பீட்டில் கூடுதல் வருமானத்தை ஒப்புக்கொள்ளும் எந்த வாக்குமூலத்தையும் என் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் தர வேண்டாம் என்று எழுதச் சொன்னேன். அக்கா சிரித்தாள், "உன்னை நம்பாமலாடா" என்றாள். நம்பிக்கைக்காக இல்லை, வீடியோ விசாரணையில் அதிகாரி திடீரென்று கேட்டால் "அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்ல எனக்கு ஒரு காகிதம் வேண்டியிருந்தது. கடைசியில், இந்த மதிப்பீட்டின் உத்தரவு வரும்வரை மட்டும் செல்லும் என்ற வரம்பு. அக்காவின் கையெழுத்து, கீழே "ஏற்றுக்கொள்கிறேன்" என்று என் கையெழுத்து. பான் அட்டையில் இருக்கும் கையெழுத்தைப் போலவே போடச் சொன்னேன். அவள் கையெழுத்து கல்யாணத்துக்குப் பிறகு மாறியிருந்தது. அந்தச் சின்ன வித்தியாசத்துக்காக யாரும் சந்தேகப்பட வேண்டாம் என்றுதான்.

கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பினாள். அசல் பிறகு ஊருக்கு வந்த ஒருவரிடம் வந்து சேர்ந்தது, அதைக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

அப்புறம் தளத்தில். அக்கா நெட் பேங்கிங் வழியாக உள்ளே போய், `Pending Actions` என்பதில் `e-Proceedings` திறந்து, அந்த நோட்டீஸிலேயே இருக்கும் `Add/View Authorised Representative` வழியாக என் பான் எண்ணைச் சேர்த்தாள். இதற்கு நான் ஏற்கெனவே தளத்தில் பதிவு செய்தவனாக இருக்க வேண்டும். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத உறவினரைச் சேர்க்கும்போது இதை மறந்துவிடுகிறார்கள். அவரும் தன் பான் எண்ணில் ஒரு கணக்கு தொடங்கினால் போதும். பிறகு நான் என் கணக்கில் உள்ளே போனேன். `e-Proceedings` பகுதியில் பிரதிநிதியாக நான் இருக்கும் வழக்குகளுக்குத் தனி இடம் இருக்கிறது. அக்காவின் நோட்டீஸ் அங்கே தெரிந்தது. அவளுடைய மற்ற எதுவும் எனக்குத் தெரியவில்லை. எனக்கு இதுவே போதுமானதாக இருந்தது.

முதல் பதிலோடு கடிதத்தையும் இணைத்தேன். தளத்தில் சேர்த்தாயிற்றே என்று விடாதீர்கள். தளத்தில் சேர்ப்பது கதவைத் திறக்கிறது, சட்டம் கேட்பது எழுத்து.

பதில் இப்படி இருந்தது. 42 லட்சத்தில் 30 லட்சம் அக்காவின் என்.ஆர்.இ. கணக்கிலிருந்து. அதற்கு வங்கி அறிக்கை மட்டும் போதாது என்று நினைத்து, ஓமனிலிருந்து பணம் வந்த ஒவ்வொரு வரியையும் மஞ்சள் அடித்து, அவளுடைய சம்பளச் சான்றையும் வைத்தோம். 8 லட்சம் முதிர்ந்த வைப்புத் தொகை, அதை முடித்த ரசீதோடு. மீதி 4 லட்சம் அப்பா கொடுத்தது, அவருடைய அன்பளிப்புக் கடிதமும் ஓய்வூதியக் கணக்கின் அறிக்கையும். அப்பாவின் கணக்கில் அந்த 4 லட்சம் எப்படிச் சேர்ந்தது என்றும் கேட்பார்கள் என்று ஒரு வரி எழுதினேன். அடுத்த நோட்டீஸில் அதையேதான் கேட்டார்கள், பதில் ஏற்கெனவே அங்கே இருந்தது. காலக்கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் அனுப்பி, வந்த ஒப்புகையை அக்காவுக்கும் அனுப்பிவிட்டேன். ஆவணங்கள் தாமதமாகியிருந்தால் அதே இடத்தில் இருக்கும் `Seek/View Adjournment` வழியாக அவகாசம் கேட்டிருப்பேன். காலக்கெடு முடிந்த பிறகு கேட்பதற்கும் முடியும் முன் கேட்பதற்கும் அதிகாரி பார்க்கும் பார்வையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

ஆடிட்டர்

ஆடிட்டருக்கும் இதே 288ஆம் பிரிவுதான், அவருக்கும் எழுத்தில் அதிகாரம் வேண்டும். எனவே கடிதமா ஆடிட்டரா என்பது உண்மையில் யார் பெயரில் கடிதம் என்ற கேள்வி. எங்கள் விஷயத்தில் சட்டச் சிக்கல் இல்லை, ஆவணம் சேகரிப்பதுதான் வேலை. அதை வீட்டு ஆள்தான் நன்றாகச் செய்ய முடியும். அப்பாவின் பாஸ்புக் எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஆடிட்டருக்குத் தெரியாது. ஆனால் அக்கா மனையை வாங்காமல் விற்றிருந்தால் நான் தயங்காமல் ஆடிட்டரிடம்தான் போயிருப்பேன். வெளிநாட்டில் இருப்பவர் சொத்து விற்கும்போது பிடிக்கப்படும் வரி, மூலதன ஆதாயம், விலக்கு எல்லாம் வாதமாக மாறும் இடங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு, நாங்கள் செய்தது அதுதான்: அதிகாரம் என் பெயரில், பதிலின் வரைவை ஒரு ஆடிட்டரிடம் கட்டணம் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். "அன்பளிப்பு" என்று நான் எழுதிய ஒரு இடத்தில் "தந்தையிடமிருந்து" என்று உறவைச் சேர்க்கச் சொன்னார். உறவினரிடமிருந்து வரும் அன்பளிப்புக்குத்தான் வரி இல்லை. அந்த ஒரு திருத்தத்துக்காகவே அவருக்குக் கொடுத்த பணம் தகும்.

படுக்கையில் இருப்பவருக்கு

இதுவரை சொன்னதெல்லாம் ஆள் தூரத்தில் இருக்கும்போது. ஆள் பக்கத்திலேயே, ஆனால் ஆஸ்பத்திரியில் இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. எங்கள் சித்தப்பாவுக்கு பக்கவாதம் வந்தபோது வலது கை எழவில்லை, பேச்சு குழறியது, ஆனால் சொல்வது எல்லாம் புரிந்தது. கேட்டதற்குச் சரியாகத் தலையசைத்தார். இந்த நிலையில் கடிதம் செல்லும். எழுத முடியாதவர் வைக்கும் கைநாட்டும் சட்டப்படி கையெழுத்துதான். சித்தி மகன் கடிதத்தைப் படித்துக் காட்டி, சித்தப்பா கைநாட்டு வைத்தார். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டார்கள், பார்த்த டாக்டர் "சுயநினைவோடு புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கிறார்" என்று தேதி போட்டு எழுதிக் கொடுத்தார். அந்த டாக்டர் சான்றுதான் இங்கே முக்கியம். அனுமதிக்கப்பட்ட தேதியும் டிஸ்சார்ஜ் தேதியும் உள்ள காகிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். நாள் தவறிப்போயிருந்தால், நியாயமான காரணம் இருந்தது என்று காட்டினால் அந்த 10,000 ரூபாய் அபராதம் விதிக்கக் கூடாது என்று 273பி பிரிவு சொல்கிறது. காரணத்தை நிரூபிக்க அந்தத் தேதிகள் வேண்டும்.

நினைவே இல்லாத நிலை என்றால் கடிதமும் பவரும் இரண்டுமே கைவிட்டுவிடும். இதை நிறையப் பேர் அறியாமல் இருக்கிறார்கள். "அப்பா போன வருஷமே எனக்கு பவர் கொடுத்துட்டார், கவலையில்லை" என்பார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ, கொடுத்த அதிகாரம் முடிந்துவிடுகிறது. எந்தப் பயத்துக்காகப் பவர் வாங்கினார்களோ அந்த நாளில் அது இருக்காது. மனநலம் இழந்தவருக்காக அவருடைய காப்பாளர் கையெழுத்திடலாம் என்று 140ஆம் பிரிவு இடம் தருகிறது. தளத்திலும் அவர் மருத்துவச் சான்றோடு பிரதிநிதியாகப் பதிவு செய்துகொள்ள விண்ணப்பிக்கலாம், துறை ஒப்புதல் தர வேண்டும். ஆனால் இந்த நாற்காலி கடிதம் வைத்திருப்பவரின் நாற்காலி இல்லை. பிரதிநிதியாகப் பதிவானவர் அந்த வருமானத்துக்குத் தானே வரி செலுத்துபவர் போலக் கடமைகளையும் ஏற்கிறார். கோமாவில் இருப்பவர் என்றால் வங்கியும் மற்றவர்களும் நீதிமன்ற உத்தரவைக் கேட்பார்கள். 2024ல் சென்னை உயர் நீதிமன்றம் கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக நியமித்தது. அந்த வழியில்தான் போக வேண்டியிருக்கும். அது நடக்கும்வரை நோட்டீஸை அப்படியே விடாமல், மருத்துவச் சான்றை இணைத்து, நிலைமையைச் சொல்லி அவகாசம் கேட்டு உள்ளூர் வருமான வரி அலுவலகத்தில் கடிதம் கொடுத்து முத்திரை வாங்கி வையுங்கள். அங்கே உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லலாம். ஆனாலும் தகவல் கொடுத்ததற்கான சாட்சி அது.

வயதான அப்பா அம்மாவுக்கு இருவர் பெயரிலும் பான் இருந்து, வாடகையோ வட்டியோ வந்துகொண்டிருந்தால், ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் யாரிடம் இருக்கிறது, எந்த மின்னஞ்சலுக்கு நோட்டீஸ் வரும் என்பதை இப்போதே பாருங்கள். நோட்டீஸ் மின்னஞ்சலுக்கு வந்தாலே கொடுக்கப்பட்டதாகிவிடும். யாரும் திறக்காத ஒரு பெட்டியில் 15 நாள் கழிந்துபோவது, எந்த அதிகாரப் பத்திரம் இருந்தும் தடுக்க முடியாத ஒன்று.

புதிய வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. முந்தைய ஆண்டுகளுக்கான நடவடிக்கைகள் பழைய சட்டப்படியே தொடரும். அதனால் கடிதத்தில் பிரிவு எண்ணை நினைவிலிருந்து எழுதாமல், நோட்டீஸில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று அச்சாகியிருக்கிறதோ அதையே எடுத்து எழுதுங்கள்.

அக்காவின் உத்தரவு 2026 பிப்ரவரியில் வந்தது, தாக்கல் செய்த வருமானத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு. அன்றே அவளிடம் சொல்லித் தளத்தில் பிரதிநிதிப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன். "இருந்தா என்னடா, அடுத்த தடவை உதவுமே" என்றாள். அடுத்த தடவை புது நோட்டீஸ் வந்தால் அதன் எண்ணைப் போட்டுப் புதுக் கடிதம் எழுதலாம்க்கா என்றேன். தனி பவருக்கு ஜூலை லீவைக் குறித்து வைத்திருக்கிறோம்.